20ஆம் தேதி பதிவு

கோவையில் ஜிஎஸ்டி ஆலோசனை நிறுவனம் நடத்தும் நண்பர், தன் லிங்க்ட்இன் பக்கத்துக்காக ஒரு ஏஜென்சி போட்டுக் கொடுத்த மாத அட்டவணையை அனுப்பி, "எப்படி இருக்குன்னு சொல்லுங்க"ன்னார். எக்செல் கோப்பு, நாளுக்கு ஒரு நிறம். திங்கள் ஊக்க வாசகம், புதன் நிறுவனச் செய்தி, நடுவில் பண்டிகை வாழ்த்துகள். ஒரு கட்டம்கூட காலியில்லை.

வரி சம்பந்தமாக அதில் இருந்தது ஒரே பதிவு. 20ஆம் தேதி: "இன்று ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள்." தேதி சரிதான். ஆனால் மாதாமாதம் தாக்கல் செய்யும் முதலாளிக்கு அன்னைக்கு முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை.

அவர் பணம் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். 5 லட்சத்துக்குச் சரக்கு வாங்குகிறார், 18% வரி 90,000 ரூபாய். சரக்கு அனுப்பியவர் அந்த பில்லை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டினால்தான், 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பியில் அது ஏறும். 2022 ஜனவரியிலிருந்து அதில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. அனுப்பியவர் மறந்துட்டா, நம்ம ஆள் அந்த 90,000ஐ இந்த மாதம் கையிலிருந்து கட்டணும்.

ஆக, எழுத வேண்டிய நாள் 7 அல்லது 8. "உங்க பெரிய சப்ளையர் அஞ்சு பேருக்கு இன்னைக்கே போன் போடுங்க" என்று ஒரு பதிவு. 15ஆம் தேதி அடுத்தது: 2பியையும் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும்போது எந்த மாதிரி பில்கள் விடுபடும் என்று. இந்த இரண்டுக்கும் விஷயம் நண்பரிடம்தான் இருக்கிறது, ஏஜென்சியிடம் இல்லை. வாரம் அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டு, "இந்த வாரம் எந்தக் கேள்வி ரெண்டு தடவை வந்துச்சு?"ன்னு கேட்டாலே போதும். வாடிக்கையாளர் பெயர், ஊர், தொகை மட்டும் மாற்றிவிட வேண்டும். கோவையில் தொழில் வட்டம் சின்னது, உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

காலிக் கட்டத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 12%, 28% அடுக்குகளைப் பெரும்பாலும் நீக்க முடிவெடுத்தது. 22ஆம் தேதி முதல் அமல். அந்த மாதத்துக்கு முன்கூட்டியே ‘12% அடுக்கு விளக்கம்’ என்று ஷெட்யூல் செய்து வைத்திருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆலோசகர் பெயரில் பழைய விகிதம் வெளியானால், அது வெறும் எழுத்துப்பிழை மாதிரி போகாது. கவுன்சில் எப்போது கூடும் என்று முன்கூட்டி எழுதி வைக்க முடியாததால், வாரத்துக்கு ஒரு இடமாவது திறந்திருக்கணும். ஷெட்யூல் ஆனவற்றை வெளியாகும் நாள் காலையில் நண்பரே ஒருமுறை படிக்கணும்.

ஊக்க வாசகங்களை எடுத்துடலாமான்னு கேட்டார். எடுத்துடுங்க. லைக் குறையும், அதைப் போட்டுக்கிட்டிருந்தவங்கள்ல பாதிப்பேர் மற்ற ஆலோசகர்கள்.