நூல் அறிக்கையும் ஜகனின் இரண்டாவது கணக்கும்

ஆங்கில ஒப்படைக்கு எழுதும் நூல் அறிக்கையைக் குறை சொன்னால், வன்னியில் ஆசிரியர்கள் தரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். கதைச்சுருக்கம், பாத்திரங்கள், சொந்தக் கருத்து என்று மூன்று தலைப்புகளைப் போட்டுக் கொடுத்தால்தான் நாயாற்றுப் பிள்ளையோ செம்மலைப் பிள்ளையோ ஆங்கிலத்தில் ஒரு பக்கமாவது எழுதும்; அதையும் எடுத்துவிட்டால் வெறும் கொப்பிதான் திரும்பி வரும் என்கிறார்கள். பாடசாலையில் ஆங்கிலப் பாடவேளை முடிந்த பிறகு அந்த மொழியைக் காதால் கேட்கவும் வாய்ப்பில்லாத ஊர்களில் இந்தப் பயம் நியாயமானதே. தலைப்பு இருந்தால் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் குறையும். புத்தகத்தை ஒரு தடவையாவது திறக்க வேண்டிவரும். நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லும் பயிற்சியும் கிடைக்கும். இவற்றை மறுக்க வேண்டியதில்லை.

என் மறுப்பு மூன்றாவது தலைப்பைப் பற்றியது. சொந்தக் கருத்தை அறிக்கையின் கடைசியில், கதையிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் பிரித்து, தனிப் பந்தியாகக் கேட்கிறோம். அந்தக் கணமே கருத்துக்குப் புத்தகம் தேவையில்லாமல் போய்விடுகிறது.

சாதாரண தர ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு விதிக்கப்பட்ட நாவல்களில் ஒன்றான, ஆர். கே. நாராயண் 1967இல் வெளியிட்ட ‘த வெண்டர் ஒஃப் ஸ்வீட்ஸ்’ பற்றிய அறிக்கைகளைப் பார்த்தால் இது விளங்கும். முதற்பகுதி கிட்டத்தட்ட எல்லாக் கொப்பியிலும் ஒன்றுதான். மால்குடியில் இனிப்புக்கடை வைத்திருக்கும் ஜகன் காந்தியவாதி, கீதை படிப்பவர். மகன் மாலி படிப்பை விட்டு அமெரிக்கா போகிறான். கிரேஸ் என்ற பெண்ணோடும் கதை எழுதும் இயந்திரம் விற்கும் திட்டத்தோடும் திரும்புகிறான். ஜகன் மனம் வெறுத்துக் கடையை விட்டுப் போகிறார். இரண்டாம் பகுதியில் ஜகன் நல்லவர், மாலி கெட்டவன், கிரேஸ் வெளிநாட்டுப் பெண். மூன்றாம் பகுதியில் கதை எனக்கு மிகவும் பிடித்தது, இதில் நல்ல படிப்பினை இருக்கிறது, பெற்றோரை மதிக்க வேண்டும் என்று மூன்று வசனங்கள்.

இந்தக் கொப்பிகளில் பிள்ளையின் கை எது, வழிகாட்டி நூலின் கை எது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கதைச்சுருக்கத்தில் காலம் பிசகுவதில்லை, எழுத்துப்பிழை இல்லை, தலைமுறை இடைவெளி என்பதற்கான ஆங்கிலச் சொற்றொடர்கூடச் சரியான இடத்தில் வந்து விழுகிறது. அடுத்த பக்கத்தில் சொந்தக் கருத்து தொடங்கியதும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தமில்லை, இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடக்கின்றன. பிள்ளை உண்மையில் எழுதியது இந்த மூன்று வசனங்களை மட்டுமே. அவற்றிலும் அதன் கருத்து இல்லை. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் அந்த வசனங்களை எழுதுவதற்கு எந்தப் புத்தகத்தையும் வாசிக்க வேண்டியதில்லை.

புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜகனின் கடையில் காசு இரண்டு வகை. மாலை ஆறு மணிவரை வருவது கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அதற்குப் பின் வருவது கணக்கில் சேராமல், வரிக்கும் உட்படாமல், வீட்டில் ஒளித்துவைத்த சேமிப்பாகிறது. மாலி அமெரிக்கா போவதற்கு அந்த ஒளித்த பணத்தையே எடுத்துக்கொள்கிறான். மகனோடு நேருக்கு நேர் பேச முடியாத தகப்பன், உறவுக்காரர் ஒருவரைத் தூதாக வைத்தே அவன் மனத்தை அறிய முயல்கிறார். மகன் அமெரிக்காவிலிருந்து எழுதும் கடிதங்களைப் பெருமையோடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கெட்டவன் என்று ஒரே வரியில் தள்ளப்படும் மாலி, வாய்திறந்து பேசாத ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை. வெளிநாட்டுப் பெண் என்று முடித்துவிடும் கிரேஸ்தான் அந்த வீட்டைத் துப்புரவாக்கி, மாமனாரைக் கவனித்து, தங்களுக்கு முறையான திருமணம் நடக்கவில்லை என்ற உண்மையையும் கடைசியில் சொல்கிறாள். கடையைத் துறந்து போகும் ஜகனின் கையில் காசோலைப் புத்தகம் இருக்கிறது.

இதில் எந்த ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் நாயாற்றுப் பிள்ளையிடம் பதில் இருக்கும். முதலாளியிடம் முற்பணம் வாங்கி, பிடித்த மீனை அவரிடமே கொடுத்து, கணக்கு எப்போது தீரும் என்று தெரியாமல் இருக்கும் வீடுகளைக் கடற்கரைப் பிள்ளைகள் அறிவார்கள். எழுதிய கணக்குக்கும் எழுதாத கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்குப் படிப்பித்துக் கொடுக்கத் தேவையில்லை. நகையை அடகு வைத்து மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவன் எப்படி இருக்கிறான் என்று ஊருக்கு நல்லதாக மட்டும் சொல்லும் தாய் தகப்பனையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஜகனின் கதை அவர்களுக்கு மிக அருகில் இருக்கிறது. அவர்களையும் ஜகனையும் சந்திக்க விடாமல் நடுவில் நிற்பது நாம் கொடுக்கும் மூன்றாம் தலைப்பு.

ஆங்கிலம் போதாததால்தான் பிள்ளைகள் பொதுவாக எழுதுகிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லலாம். உண்மையில் நடப்பது வேறு. ‘உன் கருத்து என்ன’ என்ற கேள்வி, பிள்ளைக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மிக எளிதான வசனத்தைத் தேடச்சொல்கிறது. பிடித்தது, நல்லது, படிப்பினை ஆகிய மூன்று சொற்களுக்கு மேல் அது கேட்கவில்லை. பிள்ளை கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்த தரத்தில் வேறு புத்தகத்துக்கும் அதே மூன்று வசனங்கள் வரும். திருத்துகிற ஆசிரியருக்கும் வழியில்லை. பெற்றோரை மதிக்க வேண்டும் என்ற கருத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி போடுவது? அதைப் பிழை என்று சொல்ல முடியாது, சரி என்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. எனவே புள்ளி கையெழுத்துக்கும் அட்டைப்படத்துக்கும் போகிறது. கருத்து சொல்வதென்றால் ஆசிரியர் விரும்பும் வாசகத்தை ஒப்புவிப்பது என்று ஒரு பிள்ளை பதினாறு வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டால், அதைத் திருத்தும் வேலை பல்கலைக்கழகத்திலும் நடக்காது. இந்தப் பழக்கம் ஒரு ஒப்படையோடு முடிவதில்லை என்பதால்தான் இதைச் சிறு குறை என்று விட என்னால் முடியவில்லை.

சட்டகம் வேண்டுமென்றால் இருக்கட்டும், அதன் வரிசையை மாற்றுங்கள். கதைச்சுருக்கத்துக்கு மூன்று வசனம் போதும். அதற்கு மேல் எழுதினால் புள்ளி இல்லை என்று சொல்லிவிடுங்கள், வழிகாட்டி நூலுக்கு வேலை போய்விடும். பாத்திரங்களையும் கருத்தையும் ஒரே கேள்வியாகச் சேருங்கள். ஆறு மணிக்குப் பின் வந்த காசைக் கணக்கில் எழுதாத ஜகன், தன் பணத்தை எடுத்த மகனைக் குறை சொல்லலாமா? பதிலை முதலில் தமிழில் பேசவிடுங்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிராக நின்று வாதாடட்டும். பிறகு ஆளுக்கு ஐந்து வசனம் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் புத்தகத்தில் அது நடக்கும் பக்கத்தின் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

அந்த ஐந்து வசனங்களில் பிழை மலிந்திருக்கும். முன்பு வந்த பிழையற்ற கதைச்சுருக்கத்தைக் காட்டிலும் அவற்றில் பிள்ளை எழுதிய ஆங்கிலம் கூடுதலாக இருக்கும். திருத்தும் ஆசிரியரும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, இது பொருந்துகிறது, இது பொருந்தவில்லை என்று சொல்லலாம். புள்ளி போடுவதற்கான காரணம் அப்போதுதான் கிடைக்கும். இதைச் செய்ய நாற்பது நிமிடப் பாடவேளைகள் இரண்டு போதும், புதிய நூலோ சுற்றறிக்கையோ தேவையில்லை. இவ்வளவு கைக்கெட்டிய மாற்றத்தையும் செய்யாமல், எங்கள் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் முடியாது என்று பழைய அறிக்கைக்காக வாதாடுபவர்கள் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் காப்பாற்றவில்லை. அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியைத் தள்ளிப்போடுகிறார்கள்.