இடுப்பு வலிக்காரரின் கடிதத்தில் முதல் வரி

சிறப்பு மருத்துவருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதத்தை எடைபோட ஒரே கேள்வி போதும். நோயாளியைப் பார்க்காத ஒருவர், கடிதத்தை மட்டும் படித்துவிட்டு, இவரை இன்றே பார்க்க வேண்டுமா, அடுத்த வாரம் பார்த்தால் போதுமா என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், மற்ற விவரங்கள் எவ்வளவு இருந்தும் அந்தக் கடிதம் தன் வேலையைச் செய்யவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க இடுப்பு வலியையே எடுத்துக்கொள்கிறேன். ஓ.பி.யில் அது அன்றாடம் வரும் வலி. பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அபூர்வமாக ஒருவருக்கு, பிதுங்கிய டிஸ்க், தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக் கற்றையை நசுக்கிவிடும். காடா ஈக்வினா நெருக்கம் என்பார்கள். சிறுநீர், மலம், பாலுறவு மூன்றுக்குமான நரம்புகள் அந்தக் கற்றையில்தான் இருக்கின்றன. உரிய நேரத்தில் அறுவை செய்து அழுத்தத்தை எடுக்காவிட்டால், நாற்பது வயதுக்காரர் வாழ்நாள் முழுக்க சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரிடலாம். வெளியில் பார்த்தால் அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் இன்னொரு நோயாளிதான்.

அப்படி ஒருவரை வைத்துக் கற்பனையாக மூன்று கடிதங்களைப் பார்ப்போம். நோயாளி 46 வயதுக் கொத்தனார். முதல் கடிதம் இப்படி: “மூன்று வாரமாக இடுப்பு வலி, வலது காலுக்கு இறங்குகிறது. மாத்திரையில் குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பியல் கருத்து வேண்டும். அவசரம்.” எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் ‘அவசரம்’ என்ற சொல்லுக்கு ஒரு காரணமும் இல்லை. பத்துக் கடிதத்தில் எட்டில் அந்தச் சொல் இருந்தால், படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். பத்து ஆண்டுக்கு முந்தைய குடலிறக்க அறுவை, சாப்பிட்ட மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தின் நடுவில், ‘சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருப்பதாகச் சொல்கிறார்’ என்று ஒரு வரி. எழுதியவர் உழைத்திருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதை முதலில் கையில் வாங்குபவர் சிறப்பு மருத்துவர் அல்ல. அவசரப் பிரிவில் நிற்கும் பணி மருத்துவர், பல நேரம் ஹவுஸ் சர்ஜன். நாலைந்து ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே நின்று அவர் படிப்பது முதல் மூன்று வரியைத்தான்.

மூன்றாவது கடிதம்: “காடா ஈக்வினா நெருக்கம் என்று சந்தேகிக்கிறேன், இன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை தேவையா என்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாக வலது கால் வலி. நேற்று இரவு 9 மணி முதல் இரண்டு காலிலும் வலி. அப்போதிருந்தே ஆசனவாயையும் விதைப்பையையும் சுற்றி மரத்துவிட்டது. முக்கினால்தான் சிறுநீர் வருகிறது, வருவதும் தெரியவில்லை. இன்று 2 மணிக்குச் சிறுநீர் கழித்த பிறகும் ஸ்கேனில் 320 மி.லி. தேங்கியிருந்தது. கதீட்டர் போடவில்லை. பாதத்தை மேலே தூக்கும் வலு வலதில் 5-க்கு 3, இடதில் 4. காய்ச்சல், அடிபட்டது, புற்றுநோய், சர்க்கரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எதுவும் இல்லை. கடைசியாகச் சாப்பிட்டது 12 மணி. எழுதிய நேரம் 2.40.” கீழே கைபேசி எண்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு முடிவை நகர்த்துகிறது. மரத்துப்போனது எப்போது தொடங்கியது என்பது அறுவைக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று சொல்கிறது. கழித்த பிறகு 200 மி.லி.க்கு மேல் தேங்கினால் சந்தேகம் வலுக்கும். ‘சிரமம்’ என்ற சொல்லால் அதைச் சொல்ல முடியாது. எழுபது வயதில் புராஸ்டேட் வீங்கியவருக்கும் சிரமம்தான்.

சிறுநீர் பற்றிய அந்த இரண்டு வரியில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. முக்கியாவது சிறுநீர் போகிறவரும், முழுதாக அடைத்துக்கொண்டவரும் ஒன்றல்ல. அடைத்துக்கொண்டவரைப் பார்த்தால் எல்லோரும் பதறுவார்கள். ஆனால் விரைவாக அறுவை செய்தால் சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற அதிக வாய்ப்பு உள்ளவர், இன்னும் கொஞ்சம் போகிறது என்று சொல்கிற மற்றவர். பார்வைக்குத் தேவலை போல் இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இதை எழுதாமல் விட்டால் வரிசையில் அவர் பின்னால் போவார். அனுப்பும் முன்பே குழாய் போட்டிருந்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு வடிந்தது, குழாயை மெல்ல இழுத்தபோது அவருக்குத் தெரிந்ததா என்று எழுத வேண்டும். குழாய் போட்ட பிறகு, அவரால் தானாகப் போக முடிந்ததா என்று வேறு யாரும் சோதிக்க முடியாது.

‘இல்லை’ என்று எழுதியவற்றுக்கும் அதே மதிப்பு உண்டு. காய்ச்சலைப் பற்றி ஒன்றும் இல்லாத கடிதத்தில், காய்ச்சல் இல்லையா, கேட்கவே இல்லையா என்று தெரியாது. முதுகெலும்புச் சீழைப் பற்றி மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் பாதம் மரத்துப்போனதற்கு வேறு விளக்கம் இருக்கலாம். ஆனால் ஆசனவாயைச் சுற்றி நேற்று இரவு திடீரென்று மரத்துப்போவதைச் சர்க்கரையின் மேல் போட்டுவிட முடியாது. அதனால்தான் எந்த இடம் என்று எழுதியாக வேண்டும்.

இதற்கு அச்சிட்ட படிவம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது: பரிந்துரை முறைகளை மேம்படுத்தும் வழிகளை ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பாய்வு, வழிகாட்டு நெறிகளை வெறுமனே அனுப்பிவைப்பதால் பயனில்லை, கேள்விகள் அமைந்த படிவத்தோடு கொடுத்தால் பயனுண்டு என்று கண்டது. கேட்க மறந்ததைப் படிவம் நினைவூட்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ‘சிறுநீர்க் கோளாறு: உண்டு / இல்லை’ என்ற கட்டத்தில் நேரமும் இல்லை, மாற்றமும் இல்லை. நேற்றுத் தொடங்கியதும் மூன்று ஆண்டாக இருப்பதும் ஒரே டிக்தான். தொலைபேசியில் நோயாளியைப் பற்றிச் சொல்லப் பழக்கும் எஸ்.பி.ஏ.ஆர். முறையிலும் ஒரு சிக்கல்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு என்று போய், என்ன வேண்டும் என்பது கடைசியில் வருகிறது. பேச்சில் எதிரில் இருப்பவர் இடைமறித்துக் கேட்கலாம், தாளில் முடியாது.

ஆகவே என் தீர்ப்பு மூன்றாவது கடிதத்தின் பக்கம், படிவம் அதற்குத் துணையாக. மேலே வெற்றிடமாக மூன்று வரி: எதைச் சந்தேகிக்கிறேன், எப்போதிலிருந்து எது மாறியது, உங்களிடம் என்ன கேட்கிறேன். அதன் கீழே கட்டங்கள் இருக்கட்டும். நூற்றைம்பது பேரைப் பார்க்கும் ஓ.பி.யில் இதற்கு நேரமேது என்ற மறுப்பு நியாயமானது; ஆனால் எல்லா இடுப்பு வலிக்கும் இது வேண்டியதில்லை. சிறுநீர் போவதில் மாற்றம் இருக்கிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்வியில் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்று சொல்பவருக்கு மட்டும் போதும். அவருக்கும் கடிதத்தை மட்டும் நம்பக் கூடாது. 108 கிளம்பும்போதே பெரிய மருத்துவமனைக்கு ஒரு போன் பேசிவிட வேண்டும்.

இப்படிச் சந்தேகித்து அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ.யில் நெருக்கம் இருக்காது. அதை வைத்து அனுப்பியவரைக் குறை சொன்னால், அடுத்த முறை அவர் மழுப்பலாக எழுதுவார். கடிதத்தின் தரம் நோயின் பெயர் சரியாக வந்ததா என்பதில் இல்லை. 2.40-க்கு வலது பாதத்தின் வலு 3 என்று எழுதியிருக்க, ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த 6 மணிக்கு அது 1 என்றால், அவசரப் பிரிவு மருத்துவர் யாரையும் கேட்காமல் ஸ்கேன் அறைக்குச் சொல்லியனுப்பலாம். அப்படி ஒப்பிட அவருக்கு அந்த 3 தாளில் இருந்தாக வேண்டும்.