மிஞ்சியது கருவாடா?

பச்சைமீன் மட்டுமே விற்கும் நாட்டுப்படகுக் குடும்பத்துக்குக் கிடைக்கும் முதல் யோசனை, "மிஞ்சியதைக் காயவைத்து விற்கலாமே" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிழை தொடங்குவதே 'மிஞ்சியது' என்பதில்தான்.

நெத்திலியை எடுத்துக்கொள்வோம். நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருவாடு. ஒரு கணக்குக்கு, கருவாடு கிலோ 250 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். பாடு பெருத்து ஏலத்தில் நெத்திலி கிலோ 40 ரூபாய்க்கு விழுந்த நாளில், 40 கிலோவைப் பச்சையாக விற்றால் 1,600 ரூபாய், காயவைத்தால் 2,500. அதே மீன் 100 ரூபாய்க்குப் போகும் நாளில் பச்சையாகவே 4,000 கிடைக்கும். அன்று காயவைப்பது நட்டம். பச்சை விலையின் நான்கு மடங்கோடு கூலியும் சேர்ந்த தொகையைக் கருவாட்டு விலை தாண்டுகிறதா என்பதே கேள்வி.

கிழக்குக் கரையில் இன்னொரு வேடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. காயவைக்க அருமையான வெயில் அப்போதுதான். பச்சைமீனுக்கு நல்ல விலையும் அப்போதுதான். தடை முடிந்து எல்லாப் படகும் இறங்கி விலை சரியும் நாட்களே கருவாட்டுக்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

மணலில் கொட்டிக் காயவைப்பது செலவில்லாத வழி. ஆனால் வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். மணல் உதிர்ந்தால் விலையும் இறங்கும். இடுப்பு உயரத்தில் கம்பு நட்டு வலை கட்டி, கழுவிய மீனை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினால் கீழிருந்தும் காற்றுப் படும். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர்போல் வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய குறை வேறு. மாலைவரை விற்காமல் சூட்டில் கிடந்த சாளையையும் கானாங்கெளுத்தியையும் கருவாடாக்கும் வழக்கம். அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகிவிட்டால் உப்பும் வெயிலும் அதைப் போக்காது, சமைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். கருவாட்டுக்கு ஒதுக்கும் மீனும் கரையேறியதிலிருந்து ஐஸில் இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் பாட்டை அவரிடமே கொடுத்தாக வேண்டும். காயவைக்க அதன் கையில் மீனே தங்காது. கடனில்லாத குடும்பங்கள், விலை விழுந்த நாளில், வலைத்தட்டில் மட்டும் இதைச் செய்யலாம். மற்றவர்களுக்கு முதலில் அடைக்க வேண்டியது அந்த முன்பணம்.