பன்னிரண்டில் ஒருவருக்கு வாய்க்கும் யோகம்

மதுரை கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ மனை வாங்கி விற்று மேலே வந்த ஒருவரைப் பற்றிப் பேச்சு எழட்டும். பக்கத்தில் கட்டம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவருக்குச் சந்திர மங்கள யோகம் இருக்கும் என்று சொல்லிவிடுவார். சசி மங்கள யோகம் என்று சொல்பவர்களும் உண்டு. சந்திரனும் செவ்வாயும் ஒரே ராசியில் சேர்ந்தால் சம்பாதிக்கிற வேகம் இருக்கும், நிலபுலம் சேரும், கூடவே மூக்குமேல் கோபமும் இருக்கும் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் பலன். சில ஆண்டுகளாகத் தொலைக்காட்சி ராசிபலன்களும் ஜோதிட இதழ்களும் இந்த ஒரு யோகத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. இதெல்லாம் சரியா என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: 'அனுபவத்தில் பலிக்கிறது. வசதியாக வாழ்கிறவர்களின் கட்டத்தை எடுத்துப் பாருங்கள், அந்தச் சேர்க்கை இருக்கும்.' அந்தப் பதிலில்தான் எனக்கு நெடுநாளாக மறுப்பு இருக்கிறது.

விதிக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். சந்திரன் மனத்துக்குக் காரகன். செவ்வாய் வேகத்துக்கும் வீரத்துக்கும் மண்ணுக்கும் காரகன். மனத்தோடு வேகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஜோதிட மரபு ஒழுங்காகவே ஒரு பதிலைக் கட்டியிருக்கிறது. இந்தச் சேர்க்கையைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை, ராசிக் கட்டத்தைப் பார்த்தாலே போதும். வீட்டில் மகனின் கோபத்தைப் பற்றி வாய்திறக்க முடியாத ஒரு தாய், ஜோதிடர் முன்னால் உட்கார்ந்ததும் அதைப் பற்றி அரைமணி நேரம் பேச முடிகிறது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இந்தச் சேர்க்கை எத்தனை பேருக்கு வாய்க்கும்? சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் இருப்பான். 12 ராசிகளையும் சுற்ற அவனுக்கு 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். செவ்வாய் எந்த ராசியில் இருந்தாலும், சந்திரன் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ராசியைக் கடந்தே தீர வேண்டும். அதனால் பிறக்கிறவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்கு இந்த யோகம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் இரண்டரை லட்சம் பேர். அவர்களில் மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவரும் இருப்பார், வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவரும் இருப்பார்.

இதோடும் நிற்பதில்லை. இருவரும் நேருக்கு நேராக ஏழாம் பார்வையில் இருந்தாலும் யோகம்தான் என்பார்கள். அப்போது ஆறில் ஒருவருக்கு ஆகிவிடுகிறது. செவ்வாய்க்கு 4, 8 ஆகிய விசேஷப் பார்வைகளும் உண்டு, அவற்றையும் கணக்கில் சேர்க்கிற ஜோதிடர்கள் இருக்கிறார்கள். சேர்த்தால் மூன்றில் ஒருவர். பணக்காரர் ஒருவரின் கட்டத்தில் சந்திரனும் செவ்வாயும் ஏதோ ஒரு வழியில் தொடர்பு கொண்டிருப்பதைக் காண்பதற்குப் பெரிய அனுபவம் வேண்டியதில்லை.

கே.கே. நகர்ப் பக்கத்து மனைகளையே எடுத்துக்கொள்வோம். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் 1999-இல் வந்தது. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் உலகநேரியில் தொடங்கியது. அதற்கு முன்பே இந்தப் பகுதியிலும் ஒத்தக்கடைப் பக்கமும் இடம் வாங்கிப் போட்டவர்கள் எல்லோரும் லாபம் பார்த்தார்கள். அவர்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சந்திர மங்கள யோகம் இருந்திருக்கும். மீதிப் பதினொரு பேருக்கும் மனை விலை ஏறியது பேருந்து நிலையத்தாலும் நீதிமன்றத்தாலும்தான். ஜோதிடரின் நினைவில் தங்குவது அந்த ஒருவர். மீதிப் பதினொரு பேரிடம் யாரும் போய்க் கட்டத்தைக் கேட்பதில்லை. யோகம் இருந்தும் கடனில் மூழ்கியவரையும் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. 'அனுபவம்' என்று சொல்லப்படுவது இந்த இரண்டு வகையினரையும் விட்டுவிட்ட கணக்கு.

'ஒரு சேர்க்கையை மட்டும் தனியாகப் பார்க்கக்கூடாது, கட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும்' என்பார்கள். இதுதான் அவர்களின் வலுவான வாதம், எனவே இதை ஓர் உண்மையான கட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

2025 பொங்கல். திருக்கணிதப்படி ஜனவரி 14 அன்று விடியுமுன் சந்திரன் கடகத்துக்குள் வந்தான். 16-ஆம் தேதி முற்பகல் வரை அங்கேயே இருந்தான். செவ்வாய் அப்போது கடகத்தின் தொடக்கத்தில் வக்கிரத்தில் இருந்தான். அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்தது முதல், பாலமேடு முடிந்து, மூன்றாம் நாள் அலங்காநல்லூரில் காலைச் சுற்றுகள் நடந்துகொண்டிருந்தது வரை, உலகத்தில் எங்கே குழந்தை பிறந்திருந்தாலும் அதற்குச் சந்திர மங்கள யோகம்தான். ஏறக்குறைய 55 மணி நேரம். இந்தியாவில் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். பாகை இடைவெளி அதிகம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நமக்குப் பொங்கல் காலையாக இருந்த நேரத்தில் அமெரிக்காவில் இரவு, அங்கே சந்திரன் செவ்வாயை முழுக்க மறைத்துக் கடந்ததை மக்கள் தொலைநோக்கியில் பார்த்தார்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு என்ன பலன் சொல்வது? கடகத்தில் செவ்வாய் நீசம், எனவே யோகம் கெட்டது என்று ஒருவர் சொல்லலாம். அதே கடகத்தில் வீட்டுக்கு உரிய சந்திரன் ஆட்சியாக உடன் இருக்கிறான், எனவே நீசபங்கம், யோகம் இரட்டிப்பானது என்று இன்னொருவர் சொல்லலாம். நீசக் கிரகம் வக்கிரம் அடைந்தால் உச்ச பலன் என்பார் மூன்றாமவர். பௌர்ணமி அப்போதுதான் முடிந்திருந்தது, ஒளி நிறைந்த சந்திரன் என்று ஒருவர் மெச்சுவார். தேய்பிறை தொடங்கிவிட்டதே என்று இன்னொருவர் குறைப்பார். கன்னி லக்னக் குழந்தைக்கு இது பதினொன்றாம் இடம், லாபம். சிம்ம லக்னத்துக்குப் பன்னிரண்டாம் இடம், விரயம். ஒவ்வொன்றுக்கும் நூலில் இடம் இருக்கிறது. எதற்கு எவ்வளவு எடை, இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசை மட்டும் எங்கும் இல்லை.

அடுத்தது தசை. பொங்கல் அன்று முற்பகலிலிருந்து மறுநாள் முற்பகல் வரை பூச நட்சத்திரம். பூசத்தில் பிறந்தவருக்குச் சனி தசையில் ஆயுள் தொடங்கும். மிச்சமிருக்கும் சனி தசை, பிறகு புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6 ஆண்டுகள். இவையெல்லாம் முடிந்து சந்திர தசை வரும்போது அவருக்கு வயது 50-க்குக் குறையாது, 69 வரையும் ஆகலாம். அதற்குப் பின்னால்தான் செவ்வாய் தசை. அவர் நாற்பது வயதில் வாடகை வீட்டில் இருந்தால் 'இன்னும் தசை வரவில்லை' என்று சொல்லிவிடலாம். முப்பதில் வீடு கட்டிவிட்டாலும் கவலையில்லை. ஒவ்வொரு தசைக்குள்ளும் சந்திர புத்தியும் அதை அடுத்துச் செவ்வாய் புத்தியும் வரும். ஏதாவது ஒன்று பக்கத்தில் அகப்படும். உயர்ந்தால் யோகம் வேலை செய்தது. உயராவிட்டால் யோகம் காத்திருக்கிறது.

கட்டம் முழுவதையும் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வாழ்க்கை தெரிவதற்கு முன்னால் பாருங்கள். இப்போது நடப்பது வேறு. ஆள் பணக்காரர் என்று தெரிந்த பிறகு நீசபங்கம் நினைவுக்கு வருகிறது. ஏழை என்று தெரிந்த பிறகு நீசம் நினைவுக்கு வருகிறது. எல்லா வாசலும் திறந்திருக்கிற வீட்டில் திருடன் எந்த வழியாக வந்தான் என்று துப்புத் துலக்குவதைப் போன்றது இது. எதைச் சொன்னாலும் பொருந்தும்.

முன்கூட்டிச் சொல்லிப் பார்க்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவருடைய நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் 200 குழந்தைகளின் பிறப்பு விவரங்களைத் திரட்டினார்கள். பாதிப்பேர் படிப்பில் சிறந்தவர்கள், பாதிப்பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். யார் எந்த வகை என்று சொல்லாமல் ஜோதிடர்களிடம் ஆளுக்கு 40 கட்டங்கள் கொடுத்தார்கள். விடை எழுதி அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியான இந்தச் சோதனை சந்திர மங்கள யோகத்தைப் பற்றியது அல்ல என்பது உண்மைதான். ஆனால் ஆளைத் தெரியாமல் கட்டத்தை மட்டும் பார்க்கும்போது அனுபவம் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை அது காட்டியது.

இதைவிட என்னை உறுத்துவது, பழைய நூல் சொன்னதையும் நாம் மாற்றிக்கொண்டோம் என்பதுதான். வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் சந்திரனும் செவ்வாயும் சேர்ந்தால் பாராட்டு எதுவும் இல்லை. ஏமாற்றுச் சரக்கு, மது, குடம் போன்றவற்றை விற்றுப் பிழைப்பான், பெண்களையும் விற்பான், தாய்க்குக் கேடு என்றுதான் வருகிறது. பி.வி. ராமன் தம் முந்நூறு யோகங்கள் நூலிலும் தகாத வழியில் வரும் வருமானத்தையும் தாயிடம் கடுமையாக நடப்பதையும் பலனாக எழுதினார். இவை கடுமையான பலன்கள், ஆனால் பொய்த்தால் பொய் என்று கண்டுபிடித்துவிடக்கூடியவை. இன்றைய பலனில் மதுக்கடையும் இல்லை, தாயின் துயரமும் இல்லை. 'சம்பாதிக்கும் வேகம்' என்று மெருகேறி நிற்கிறது. உழைக்கிற எவனுக்கும் இது பொருந்தும். கேட்கிற எவனுக்கும் இனிக்கும். எதைக் கண்டு பழைய பலனைக் கைவிட்டீர்கள், எதைக் கண்டு புதிய பலனை ஏற்றீர்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

கோபத்தைப் பற்றிய பலன் அதிகத் தீங்கு செய்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 'மாப்பிள்ளைக்குச் சந்திரனோடு செவ்வாய், கோபம் இருக்கத்தான் செய்யும், நல்லா சம்பாதிப்பார், அனுசரிச்சுப் போம்மா' என்பார்கள். கோபமும் வருமானமும் ஒரே கட்டத்திலிருந்து வருகின்றன என்று சொல்லிவிட்டதால், ஒன்றை வேண்டாம் என்றால் இன்னொன்றையும் வேண்டாம் என்பதாகிவிடுகிறது. தட்டை வீசுகிறவனையும் கை ஓங்குகிறவனையும் மாமனார் வீடு பொறுத்துக்கொள்கிறது. அதே சேர்க்கை பெண்ணின் கட்டத்தில் இருந்தாலோ, 'வாய் அதிகம், அடங்கமாட்டாள்' என்று சொல்லி ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவளுடைய சம்பாதிக்கும் வேகத்தை அங்கே யாரும் எடுத்துப் பேசுவதில்லை. ஒரே விதியில் பாதியை ஆணுக்கும் பாதியைப் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுப்பது எந்த நூலிலும் இல்லை. பிரித்துக் கொடுப்பவர்கள் நாம்தான்.

யோகத்தை ஆதரித்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பொங்கலின் மூன்று நாட்களில் பிறந்த குழந்தைகளின் கட்டங்களையும், அதே மாதம் சந்திரன் வேறு ராசிகளில் இருந்தபோது பிறந்த குழந்தைகளின் கட்டங்களையும் மதுரையிலேயே சேகரிக்கலாம். யாருக்கு எந்த வயதில் என்ன வரும், நீசமா நீசபங்கமா, எந்தத் தசையில் என்பதை இன்றைக்கே எழுதிக் கையெழுத்திட்டு உறையிலிட்டு, ஜோதிடத்தில் பற்றும் பகையும் இல்லாத ஒருவரிடம் கொடுக்கலாம். 2055-இல் அந்தக் குழந்தைகளுக்கு முப்பது வயது. எழுதியவர்களில் இளையவர்கள் அப்போது இருப்பார்கள், உறையைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.