முகமும் அட்டையும் - ஒரு சிறுகதை பற்றிய நோக்கு

சங்க உறுப்பினரிடையே கையெழுத்துப் படியாக உலவிவரும் சிறுகதையொன்று, அதன் பொருளாலும் முடிவாலும் விமர்சன நோக்குக்கு உரியதாகின்றது. கதைக்களம் 1990களின் வெள்ளவத்தை. காலி வீதியிலுள்ள சிறு ஸ்ரூடியோ ஒன்றிற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஐம்பது வயது கடந்த பெண்ணொருத்தி வருகின்றாள். பழைய அடையாள அட்டை பழுதடைந்தமையால் புதியதற்குப் படம் வேண்டும். இளமையில் கண்ட அம்மை நோய் அவள் முகமெங்கும் தழும்புகளை விட்டுச் சென்றிருக்கின்றது. அவற்றை நீக்கித் தருமாறு அவளே கேட்கின்றாள்; முதலாளியும் இசைகின்றார். தொழில் பழகும் இளைஞன் மட்டும் மறுக்கின்றான்.

மறுப்பின் தன்மையை உணர அத்தொழிலின் நுட்பத்தைச் சிறிது அறிதல் வேண்டும். தழும்புக் குழியில் விழும் நிழல் நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகத் தோன்றும். நெகட்டிவைக் கீழிருந்து ஒளியூட்டப்பட்ட தேய்த்த கண்ணாடிமீது வைத்து, பென்சில் பற்றுவதற்கான திரவத்தை மெல்லத் தடவி, ஊசிபோலச் சீவிய கடின பென்சிலால் அப்புள்ளியைச் சிறு கோடுகளால் நிரப்புவர். அயலிடத்தின் கருமையை அது எட்டியதும் அச்சுப்படத்தில் குழி மறைந்துவிடும். சற்று மிகுந்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும்; முகம் முழுவதும் நிரப்பினால் தோலின் இயல்பு அழிந்து மெழுகுப் பொம்மையாகும். இளைஞன் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, அதனை மறு கன்னத்தோடு ஒப்பிட்டு நோக்கும்போதுதான் பென்சிலை வைக்கின்றான். அவனை நிறுத்துவது கொள்கையன்று, கண்ணே என்பது கதையின் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, முதலாளியைக் கயவராகத் தீட்டாமை. திருமணப் படங்களில் காலமெல்லாம் இதனைச் செய்து வந்தவர் அவர். வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை உறவினரே காண்பர். அவர்களுக்கு உண்மை முகம் முன்னரே தெரியும். அடையாள அட்டைப் படமோ முகத்தை அறியாத அந்நியனுக்காக எடுக்கப்படுவது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அவ்வட்டை, போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் தமிழர் முதலில் நீட்டவேண்டிய பொருளாயிற்று. ஒரே பென்சிற்கோடு சுவரில் அன்பாகவும் சாவடியில் ஆபத்தாகவும் மாறுகின்றது. இவ்வேறுபாட்டை ஆசிரியர் விளக்கவில்லை. பழைய அட்டையைக் காட்டும்போதெல்லாம் அப்பெண் தன் படத்தைப் பெருவிரலால் மறைத்தே நீட்டினாள் என்ற ஒரு செய்தியால் உணர்த்திவிடுகின்றார்.

அவளுடைய விருப்பம் வெறும் வீண் ஆசையன்று என்பதையும் அப்பெருவிரலே சொல்கின்றது. ஆகவே, பிறர் முகத்தைப்பற்றி முடிவு செய்ய இளைஞனுக்கு என்ன உரிமை என்ற வினா எழுகின்றது. கதை இதற்குச் சொல்லால் விடை தரவில்லை. அவன் அவளை மீண்டும் அமரச் செய்கின்றான். பக்கத்தில் நின்ற விளக்கை முகத்துக்கு நேரே கொணர்ந்து, அதன்முன் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டுகின்றான். பக்கவொளி குழிகளை ஆழமாக்கும்; நேரே விழும் பரந்த ஒளி நிழலைக் குறைக்கும். தழும்புகள் தணிகின்றன, ஆயினும் மறையவில்லை. மறுத்தவன் அம்மறுப்புக்கான விலையைத் தன் உழைப்பாற் கொடுக்கின்றான். கதையின் உச்சம் இதுவே.

இங்கு முடிந்திருக்க வேண்டிய கதை இன்னும் ஒரு பக்கம் நீள்கின்றது. கொட்டாஞ்சேனைச் சாவடியில் சிப்பாய் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டு அவளை விடுகின்றான். படம் பொருந்தாத இன்னொருத்தி தடுக்கப்படுகின்றாள். இளைஞன் செய்தது சரியென உலகம் சான்று பகர்கின்றது. வரலாறு அத்தகைய சான்றினை வழங்கவில்லை. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கொழும்பில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லையென்பதே அவர்கள்மீது கூறப்பட்டது. படம் முகத்தோடு பொருந்தியதா என்று அங்கு எவரும் கேட்கவில்லை.

எனவே உண்மைப் படம் உயிரைக் காக்கும் என்ற உறுதியை இக்கதையின் முடிவு எளிதாகத் தந்துவிடுகின்றது. அவ்வுறுதி இல்லாமலும் இளைஞனின் மறுப்பு நிற்கக்கூடியது. அந்நிலையிலேதான் அது ஓர் அறச்செயலாகின்றது. பயன் கருதிச் செய்ததாயின் அது முன்னெச்சரிக்கை மட்டுமே. இறுதிப் பக்கத்தை நீக்கின், படத்தைக் கையில் வாங்கிய பெண் பெருவிரலை எங்கே வைப்பது என்றறியாது நிற்கும் காட்சியோடு கதை முடியும். அம்முடிவை ஆசிரியர் ஏற்கெனவே எழுதியிருக்கின்றார். அதனை நம்பத்தான் தயங்கியிருக்கின்றார்.