எந்த ஊரு?

ஒரே வயதுப் பெண்கள் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது சொல்லிக்கொள்ள நம் பேச்சுத்தமிழில் ஒரு சொல் இல்லை. வணக்கம் மேடைக்கும் ஆசிரியருக்கும் உரியதாகிவிட்டது. பக்கத்து பெஞ்சில் வந்து உட்காரும் பெண்ணிடம் அதைச் சொன்னால் கேலி செய்கிறோம் என்று நினைப்பாள். ‘ஹாய்’ என்கிறார்கள், சிரிக்கிறார்கள். அது தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி. நிஜமான முகமன் அதற்கடுத்து வருகிற கேள்விதான். “பேரு என்ன? எந்த ஊரு?”

புதுச்சேரியில் முதலாண்டு மாணவிகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் நான். ஒவ்வொரு ஆண்டும் முதல்நாள் வகுப்பில் இந்தக் கேள்வி பெஞ்சு பெஞ்சாகப் போவதைக் கேட்கிறேன். பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று பதில்கள் வரும். காரைக்காலிலிருந்து விடுதிக்கு வந்தவள் இருப்பாள். ஊர் கேட்பதில் என்ன தப்பு? பஸ்சுக்குத் துணை கிடைக்குமே. பெரும்பாலும் பிரியமாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இந்த ஒரு கேள்விமீது இவ்வளவு பாரம் எப்படி ஏறியது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்படி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் நாம். இன்று வருகைப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் ஓர் எழுத்தும் ஒரு பெயரும். வேறு பல மாநிலங்களில் பெயரைச் சொன்னதுமே தெரிந்துவிடுகிற ஒன்று இங்கே பெயரில் தெரிவதில்லை. பெரிய காரியம்தான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை போய்விடவில்லை. பெயரிலிருந்து கிளம்பி ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அதனால்தான் முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வியைக் கவனிக்கச் சொல்வேன். “எந்த ஊரு?” “வில்லியனூர் பக்கம்.” “பக்கம்னா, எங்க?” கிராமங்களில் ஊர் என்பது ஒரு பகுதி, சேரி அல்லது காலனி என்பது இன்னொரு பகுதி. ‘ஊர்’ என்ற சொல்லே சேரியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறது. கோயில் தெருக்காரி முதல் கேள்வி முடியுமுன்பே தெருவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். காலனியிலிருந்து வருகிறவள் பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிறாள், அல்லது “கிட்டத்தான்” என்கிறாள். அந்தச் சின்ன இடைவெளியில் நடப்பது அவர்கள் இருவருக்குமே தெரியும். நகரத்துக்குள்ளேயே பிறந்தவளுக்கும் இதே கதைதான். வைசியாள் வீதி, வெள்ளாழர் வீதி, கோமுட்டித் தெரு என்று பழைய தமிழ்ப் பகுதியின் வீதிப்பலகைகளே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். (சேரி என்றால் ஒரு காலத்தில் குடியிருப்பு, அவ்வளவுதான். அந்தச் சொல்லை எங்கள் நகரம் இன்றும் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. புதுச்சேரி என்று உரக்கச் சொல்கிற நாக்குதான் சேரி என்று தனியாகச் சொல்லும்போது தணிந்துபோகிறது.)

பெண்கள் விஷயத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. முதல்நாள் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீங்க’. ஒரு வாரத்தில் அது ‘நீ’ ஆகிறது, பிறகு ‘வாடி’, ‘போடி’. ஆண்கள் வாயில் வசையாக வருகிற ‘டி’ பெண்களுக்குள் நெருக்கத்தின் சொல். யார் யாரை ‘டி’ போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். வகுப்பில் ஓரிருத்திக்கு மட்டும் ‘நீங்க’ அப்படியே நின்றிருக்கும். அவளை யாரும் திட்டவில்லை, தள்ளி உட்காரச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அந்த மரியாதைதான் வேலி. புகார் எழுதித் தரவும் அதில் எதுவும் இல்லை.

1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ நூலில் கல்லூரி வகுப்பறைக் காட்சி ஒன்று வருகிறது. ஆசிரியர் திடீரென்று அரிசன மாணவிகளை எழுந்து நிற்கச் சொல்கிறார். மாலையில் தனி வகுப்பு ஏற்பாடாகியிருக்கிறதாம். எழுந்து நிற்பது இரண்டே பேர். வகுப்பில் சலசலப்பு ஓடுகிறது. தனக்கு அந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாமா உட்கார்ந்துவிடுகிறார். இந்தப் பகுதியைச் சுயமரியாதைக்கு எடுத்துக்காட்டாக வாசிப்பதே வழக்கம், சரியான வாசிப்புதான். நான் அதை ஓர் அறிமுகக் காட்சியாகவும் வாசிக்கிறேன். சக மாணவிகள் பக்கத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிக் கேட்டிருக்க வேண்டியதை நிறுவனமே நொடியில் கேட்டு முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் ஊர் கேட்கத் தேவையில்லை. உதவி என்ற பெயரில் நடந்தது என்பதால் அங்கே யாருக்கும் குற்றவுணர்வும் இருந்திருக்காது.

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பவள் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்து ஜோ. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் பரியனிடம் அவள் எதையும் விசாரிப்பதில்லை. ஆங்கிலம் புரியாமல் தவிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அக்கா கல்யாணத்துக்கு வா என்று வெள்ளந்தியாக அழைக்கிறாள். அங்கே போன பரியனை அவள் வீட்டு ஆண்கள் அடித்துச் சிறுநீர் கழித்து அவமானப்படுத்துகிறார்கள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவனும் சொல்வதில்லை. மாரி செல்வராஜ் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் ஜோவின் அறியாமையைப் படம் வெளிச்சம் போட்டுக் கொண்டாடும்போது எனக்கு உறுத்துகிறது. கேட்காமலே பழக அவளால் முடிகிறது, ஏனென்றால் அவளிடம் யாரும் கேட்டு அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. தெரியாமலே வளர்வது மேல்சாதிப் பெண்ணுக்கு வீடு தருகிற சீதனங்களில் ஒன்று. அந்த வீட்டு ஆண்கள் அவளுக்காக எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கேட்கக் கூடாது என்று விதி போட்டுவிடலாமா? மும்பை ஐஐடி அப்படி ஒன்றைச் செய்து பார்த்தது. அங்கே முதலாண்டு படித்த தர்ஷன் சோலங்கி 2023 பிப்ரவரியில் இறந்தான். சாதிப் பாகுபாடுதான் காரணம் என்றது குடும்பம். நேரடிச் சான்று இல்லை என்றது நிறுவனத்தின் விசாரணைக் குழு. சில மாதங்களில், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்பது முறையல்ல, சாதியை வெளிப்படுத்தக்கூடிய பிற விவரங்களைக் கேட்பதும் முறையல்ல என்று அந்நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டது. அங்கே தரவரிசைதான் “பக்கம்னா, எங்க?” என்பதன் இடத்தில் இருந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் “கட்-ஆஃப் எவ்வளவு?” அந்த வேலையைச் செய்கிறது. அந்த வழிகாட்டுதல் எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க ஒரு மாணவிக்கு அது பிடிமானம் தருகிறது. ஆனால் ஒரு கேள்வியை மூடினால் அது “அப்பா என்ன பண்றாங்க?” என்றோ “வீட்ல நான்-வெஜ்ஜா?” என்றோ மறுபடி வந்து நிற்கும்.

என் வகுப்பில் ‘எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்லுங்கள்’ என்கிற சடங்கை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பெயர் மட்டும் போதும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பதைச் சொன்னால் இன்னும் நல்லது. மற்றதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஏனாமிலிருந்து வந்த தெலுங்குப் பெண் ஒருத்தி, தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவள், கடந்த ஆண்டு முதல்நாள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பிக் கேட்டது இது: “இந்த பேன் ஓடுமா? இல்ல நாம அங்க போய் உக்காரலாமா?” ‘நாம’ என்றாள். இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்கள்.