56-ஆம் பெட்டி

440 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் ஒலியை நொடிக்கு 8000 மாதிரிகளாகப் பதிந்து, அதில் 1024 மாதிரிகளை `np.fft.rfft`-க்குக் கொடுத்தால் உச்சம் 56-ஆம் பெட்டியில் நிற்கும். பெட்டிகளை 0-விலிருந்து எண்ண வேண்டும். ஒரு பெட்டியின் அகலம் 8000/1024, அதாவது 7.8125 ஹெர்ட்ஸ், 56-ஆல் பெருக்கினால் 437.5தான் வருகிறது.

கவையில் பழுதில்லை. அந்தத் துண்டுக்குள் அலை எத்தனை முழுச் சுற்று சுற்றியது என்பதே பெட்டி எண். நம் அலையோ 56.32 சுற்று சுற்றியிருக்கிறது. அந்த மிச்சம் பக்கத்துப் பெட்டிகளில் கசிகிறது. 1000 மாதிரிகள் எடுத்தால் சரியாக 55 சுற்று. கசிவு ஏறக்குறைய மறைந்து ஒற்றைக் கோடு எழும்.

ஆனாலும் எனக்குக் கசிவுள்ள படம்தான் பிடிக்கும். அதில் 57-இன் உயரம் 56-இன் உயரத்தில் 0.47 பங்கு. 0.47-ஐ 1.47-ஆல் வகுத்தால் 0.32. தொலைந்த சுருதி அங்கேயே இருக்கிறது: 56.32 × 7.8125 = 440.